மேற்கோளுக்கு அடுத்த வாக்கியம்: ஒரு கவிதை விடையைத் திருத்திய அனுபவம்

தருமபுரியில் ஒரு கலைக் கல்லூரியில் இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்குக் கவிதைத் தாள் நடத்துகிறேன். அகத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும்போது என்னை நெடுநேரம் நிறுத்தி வைப்பவை மோசமான விடைகள் அல்ல. படிக்காமல் வந்து எழுதிய விடைக்கு மதிப்பெண் இடுவது எளிது. கவிதையை நன்றாகப் படித்து, அடிகளைப் பிழையின்றி நினைவில் வைத்து, வினாவுக்குப் பொருத்தமான இடங்களில் அவற்றை எழுதி, கறுப்பு மையால் அடிக்கோடும் இட்டுவிட்டு, அந்த அடி படிப்பவரிடம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த மேற்கோளுக்குப் போய்விடும் விடைதான் கடினமானது. உழைப்பு கண்முன்னே தெரிகிறது. இலக்கியத் திறனாய்வு மட்டும் அங்கே நடக்கவில்லை. அத்தகைய ஒரு விடையை எப்படிப் படித்தேன், எதற்கு எத்தனை மதிப்பெண் இட்டேன், ஓரத்தில் என்ன எழுதினேன் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

கவிதை, ஷெல்லியின் ‘ஓசிமாண்டியாஸ்’. 1818-இல் வெளிவந்த பதினான்கு அடிச் சானெட் அது. பழம்பெரும் நாடு ஒன்றிலிருந்து வந்த பயணி, பாலைவனத்தில் தான் கண்ட உடைந்த சிலையைப் பற்றிக் கவிஞரிடம் சொல்கிறான். உடல் இல்லாத இரண்டு மாபெரும் கல் கால்கள் நிற்கின்றன. பக்கத்தில் மணலில் பாதி புதைந்து சிதைந்த முகம் கிடக்கிறது. பீடத்தில் அரசனின் ஆணவச் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சுற்றிலும் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. வினா இதுதான்: அதிகாரம் நிலைக்காது என்பதை ஷெல்லி இக்கவிதையில் எவ்வாறு உணர்த்துகிறார்? மதிப்பெண் 10. வினாவில் உள்ள ‘எவ்வாறு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஷெல்லி என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. எந்த வழியில் அதைச் செய்கிறார் என்று கேட்டிருக்கிறேன்.

அந்த மாணவியின் விடை ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம் இருந்தது. முதல் பத்தி முழுவதும் ஷெல்லியின் வாழ்க்கைக் குறிப்பு: 1792-இல் பிறந்தார், 1822-இல் கடலில் மூழ்கி இறந்தார், ஹொரேஸ் ஸ்மித் என்ற நண்பருடன் போட்டியாக இந்தச் சானெட்டை எழுதினார், ஓசிமாண்டியாஸ் என்பது எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேஸின் கிரேக்கப் பெயர். எல்லாம் சரியான செய்திகள்தாம். ஆனால் இவற்றில் எதுவும் வினாவைத் தொடவில்லை. அடுத்து மேற்கோள்கள் வரிசையாக வந்தன. அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“அதிகாரம் நிலையானதல்ல என்று ஷெல்லி கூறுகிறார். ‘டூ வாஸ்ட் அண்ட் ட்ரங்க்லெஸ் லெக்ஸ் ஆஃப் ஸ்டோன் ஸ்டாண்ட் இன் தி டெசர்ட்’. அதிகாரம் நிலைக்காது என்பதை இது காட்டுகிறது. மேலும் அவர் ‘ஹாஃப் சங்க் எ ஷேட்டர்ட் விசேஜ் லைஸ்’ என்கிறார். இது ஒரு படிமம். ‘ஸ்னீர் ஆஃப் கோல்ட் கமாண்ட்’ என்பதில் மோனை உள்ளது. அது கவிதைக்கு இசையழகு தருகிறது. அரசன் ‘லுக் ஆன் மை வொர்க்ஸ், யீ மைட்டி, அண்ட் டெஸ்பேர்’ என்கிறான். அவன் மிகுந்த ஆணவம் கொண்டவன். ‘நத்திங் பிசைட் ரிமெய்ன்ஸ்’ என்கிறார் ஷெல்லி. ‘தி லோன் அண்ட் லெவல் சாண்ட்ஸ் ஸ்ட்ரெச் ஃபார் அவே’ என்று கவிதை முடிகிறது. இது வாசகர் மனத்தில் சோகத்தை உண்டாக்குகிறது. இவ்வாறு அதிகாரம் நிலைக்காது என்பதை ஷெல்லி அழகாக உணர்த்துகிறார்.”

ஆறு மேற்கோள்கள். ஒரு சொல்கூடப் பிழையில்லை. துறையின் மூத்த பேராசிரியர் இந்த விடைத்தாளைப் பார்த்துவிட்டு, “கோட்டேஷன் எல்லாம் கரெக்டா இருக்கேம்மா, எட்டு போடலாமே” என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. நம் பகுதியில் பெரும்பாலும் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்து, ஆங்கில இலக்கியத்தை விரும்பி எடுத்த ஒரு பெண் ஷெல்லியின் ஆறு அடிகளை அப்படியே எழுதுவது சிறிய காரியமல்ல. ஆனாலும் எட்டு இட்டால், ‘எவ்வாறு’ என்ற கேள்விக்கு அவள் விடை சொல்லிவிட்டாள் என்று நானே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகிவிடும். அடுத்த தேர்வில் அவள் மேற்கோள்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டுவாள். அதனால் அந்த விடையை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தேன்.

பார்க்கும் முறை எளியது. மேற்கோள் முடிந்ததும் பேனாவை அங்கே நிறுத்தி, அதற்கு அடுத்து வரும் வாக்கியத்தை மட்டும் படிப்பேன். மேற்கோளுக்கான மதிப்பெண் அந்த அடுத்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் இவற்றுள் ஒன்று கிடைக்கும்: எதுவுமே இல்லாமல் அடுத்த மேற்கோள், மேற்கோளின் பொருளையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது, உருவகம், மோனை, படிமம் என்று அணியின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வது, அல்லது ‘வாசகர் மனத்தைத் தொடுகிறது’ என்பது போன்ற, எங்கும் பொருந்தும் பாராட்டு. இவற்றைத் தாண்டிய ஒன்று கிடைத்தால்தான் விளக்கம் தொடங்கியிருக்கிறது என்று கொள்வேன்.

எங்கும் பொருந்தும் வாக்கியத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. விளக்க வாக்கியத்தை அதன் மேற்கோளிலிருந்து பிரித்து, அதே விடையில் உள்ள வேறொரு மேற்கோளுக்குப் பின்னால் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் அது பொருந்திவிட்டால் அது விளக்கம் அல்ல. இந்த மாணவி முதல் மேற்கோளுக்குப் பின் எழுதிய ‘அதிகாரம் நிலைக்காது என்பதை இது காட்டுகிறது’ என்பதை எடுத்துப் பாதி புதைந்த முகத்துக்குப் பின்னால் வைத்தாலும் பொருந்துகிறது. கடைசி அடிக்குப் பின்னால் வைத்தாலும் பொருந்துகிறது. உண்மையில் அது வினாவில் உள்ள வாக்கியமே. ‘இது ஒரு படிமம்’ என்பதும் அப்படித்தான். கவிதையின் பாதி அடிகளுக்குப் பின்னால் அதை வைக்கலாம். ‘சோகத்தை உண்டாக்குகிறது’ என்பதை வேறு எந்தக் கவிதையின் கடைசி அடிக்கும் ஒட்டிவிடலாம். இந்தச் சோதனையை ஆங்கிலப் புலமை இல்லாதவர்களும் செய்யலாம் என்பதால், பின்னர் இதை மாணவர்களிடமே கொடுத்துவிட்டேன். ஒருவர் விடையை மற்றவர் வாங்கி, விளக்க வாக்கியங்களை இடம் மாற்றி வைத்துப் பார்க்கிறார்கள்.

இனி மேற்கோள்களுக்கு வருகிறேன். முதல் மேற்கோளில் ‘வாஸ்ட்’, ‘ட்ரங்க்லெஸ்’ என்று இரண்டு பெயரடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது மாபெரும் உருவம் ஒன்றை நம் கண்முன் எழுப்புகிறது. இரண்டாவது, அடுத்த நொடியே, உடலையே எடுத்துவிடுகிறது. பெருமையும் இழப்பும் ஒரே மூச்சில் வருவதால், அரசன் எத்தனை பெரியவனாக இருந்தான் என்று வியக்கத் தொடங்கும்போதே அவன் அங்கே இல்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. இவ்வளவையும் மாணவி எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ‘வாஸ்ட் என்ற சொல் பெருமையைச் சொல்கிறது, ட்ரங்க்லெஸ் என்ற சொல் அதை உடைக்கிறது’ என்ற ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை வேறு எந்த மேற்கோளுக்குப் பின்னாலும் வைக்க முடியாது.

மூன்றாவது மேற்கோளில் இருப்பது வேறு வகைச் சிக்கல். ‘கோல்ட் கமாண்ட்’ என்பதில் மோனை இருப்பதை அவள் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். அது இசையழகு தருகிறது என்பதில்தான் கோளாறு. இகழ்ச்சியும் குளிர்ந்த கட்டளையும் தங்கிய உதட்டைப் பற்றிய அடி இது. அடுத்தடுத்து வரும் வல்லோசையான இரண்டு ககரங்கள் வாயில் வெடித்து நிற்கின்றன. கட்டளை இடுபவனின் கடுமை ஓசையிலேயே கேட்கிறது. அங்கே இனிமை ஏதும் இல்லை. ‘மோனை என்றால் இசையழகு’ என்பது கைடு நூல்களிலிருந்து வரும் சூத்திரம். எந்த அடிக்கும் பொருந்துவதாகத் தோன்றும், இந்த அடிக்கோ நேர் எதிரானது. இப்படிப்பட்ட இடத்தில் அணியைச் சுட்டியதற்காகப் பாதி மதிப்பெண் தரலாம். விளைவுக்கு ஒன்றும் தர இயலாது. ஓரத்தில் ‘தவறு’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘இந்த அடியை உரக்கப் படி. இது இனிமையாக ஒலிக்கிறதா, கடுமையாக ஒலிக்கிறதா? ஏன் அப்படி?’ என்று எழுதினேன்.

அடுத்த இரண்டு மேற்கோள்கள்தாம் இந்தக் கவிதையின் உயிர்நிலை. பீடத்தில் உள்ள வாசகம் பதினோராம் அடியில் வியப்புக்குறியுடன் முடிகிறது: என் படைப்புகளைப் பாருங்கள், வலியோரே, நம்பிக்கை இழந்து நில்லுங்கள் என்கிறான் அரசன். பன்னிரண்டாம் அடி மூன்றே சொற்களில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அடியின் நடுவிலேயே முற்றுப்புள்ளி வைத்து நின்றுவிடுகிறது: வேறெதுவும் மிஞ்சவில்லை. பாருங்கள் என்ற ஆணைக்குப் பின் நாம் திரும்பிப் பார்க்கிறோம், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஷெல்லி அரசனை மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை, அறிவுரையும் கூறவில்லை. அரசனின் சொற்களை அப்படியே விட்டுவிட்டு, அவற்றின் பக்கத்தில் வெறுமையை வைக்கிறார். அதனால் அந்த வாசகத்தின் பொருளே மாறிவிடுகிறது. என்னைப் போல் உங்களால் கட்ட முடியாதே என்று ஏங்கச் சொன்னான் அவன். இன்று அதைப் படிக்கும் வலியோர், நாம் கட்டியதும் இப்படித்தானே போகும் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. வினாவில் உள்ள ‘எவ்வாறு’ என்பதற்கு முழு விடை இந்த இரண்டு அடிகளுக்கு நடுவில் இருக்கிறது. மாணவி இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறாள். ஆனால் முதலாவதன் பின் ‘அவன் ஆணவம் கொண்டவன்’ என்று மட்டும் சொல்கிறாள். இரண்டாவதன் பின் ஒன்றுமே இல்லை.

அடுத்தடுத்து வைத்ததே அவளுக்குப் புரிந்திருப்பதைக் காட்டுகிறதல்லவா என்று கேட்கலாம். நானும் அதை யோசித்தேன். கவிதையிலேயே அந்த அடிகள் அந்த வரிசையில்தான் வருகின்றன. ஆறு மேற்கோள்களும் கவிதையின் வரிசையிலேயே இருக்கின்றன. ஆகவே வரிசையை அவளுடைய வாதமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு மாணவர் பதினொன்றாம் அடியையும் பன்னிரண்டாம் அடியையும் முதலிலேயே எடுத்து எதிரெதிராக நிறுத்திவிட்டு, பிறகு மேலே உள்ள முகத்துக்குப் போயிருந்தால், விளக்கம் குறைவாக இருந்தாலும் அந்தத் தேர்வுக்கே கூடுதலாக ஏதாவது தந்திருப்பேன்.

கடைசியாக மதிப்பெண். பத்தை நான் இப்படிப் பிரித்து வைத்திருந்தேன்: வினாவைப் புரிந்துகொண்டு கருத்தை நிறுவுவதற்கு 3, பொருத்தமான மேற்கோள்களைத் தேர்ந்து பிழையின்றித் தருவதற்கு 2, அவற்றின் சொல்லும் ஓசையும் அமைப்பும் உண்டாக்கும் விளைவை விளக்குவதற்கு 4, மொழி, ஒழுங்கு ஆகியவற்றுக்கு 1. இந்தப் பிரிவைத் தேர்வுக்கு முன்பே கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். இவளுக்குக் கருத்துக்கு 2, மேற்கோளுக்கு முழுமையாக 2, விளக்கத்துக்கு மோனையைச் சுட்டியதற்காகவும் அரசனின் ஆணவத்தைச் சொன்னதற்காகவும் சேர்த்து 1, மொழிக்கு 1, ஆக 6. வாழ்க்கைக் குறிப்புப் பத்திக்கு ஒன்றும் இல்லை. கருத்துக்கு மூன்றும் தராததற்குக் காரணம், அதிகாரம் நிலைக்காது என்ற ஒரே கூற்றைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் சொன்னாளே தவிர, அதை ஓர் அடியும் நகர்த்தவில்லை. நான்கு அல்லது ஐந்து இடலாம் என்பாரும் உண்டு. எனக்கு அது மிகக் கடுமையாகத் தோன்றியது. சரியான மேற்கோளைத் தேர்வதே பாதிப் புரிதல். ‘ஹாஃப் சங்க்’ என்பதைத் தானே எடுத்திருக்கிறாள் என்றால், மணல் இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறது என்பதை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருக்கிறாள். அதற்கு உரியதைத் தந்துவிட்டு, சொல்லாமல் விட்டதற்கு உரியதை நிறுத்தி வைப்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் கேட்டாள்: “மேம், அந்த லைன்லயே எல்லாம் இருக்கே, அதுக்கு மேல நான் என்ன எழுதறது?” இந்தக் கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் சிக்கலின் வேர் அதில் இருக்கிறது. மேற்கோளே பேசிவிடும் என்று அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. பள்ளியில் ஆங்கிலக் கவிதைக்கு வரும் வினாக்கள், மனப்பாடப் பாடலை அடிபிறழாமல் எழுதச் சொல்பவை. அல்லது இரண்டு அடிகளைக் கொடுத்து, இதில் வரும் அணி எது, எதுகைச் சொற்கள் எவை, மோனைச் சொற்கள் எவை என்று கேட்பவை. அடியை எழுதினால் மதிப்பெண்; அணியின் பெயரைச் சொன்னால் மதிப்பெண். அந்தப் பயிற்சியை அவள் கல்லூரிக்கு அப்படியே எடுத்து வந்திருக்கிறாள். கல்லூரியில் கேள்வி மாறியிருப்பதை நாம் தெளிவாகச் சொல்லாவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்?

அதனால் அடுத்த வகுப்பில் ஷெல்லியைச் சிறிது நேரம் மூடி வைத்துவிட்டு, புறநானூற்றின் 95-ஆம் பாட்டை எடுத்தேன். நம் ஊர்க் கதைதான். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது. இங்கே உள்ள கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிக்க அரண்மனையில் இருக்கின்றன. ‘அவ்வே’, அதாவது அங்கே உள்ள அதியமானுடையவை, பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. இதைப் பள்ளியில் படிக்காதவர் வகுப்பில் இல்லை. ‘பீலி அணிந்து மாலை சூட்டி’ என்ற தொடரை மட்டும் கரும்பலகையில் எழுதி, “இது புகழ்ச்சிதானே?” என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் மறுத்தது. ஏன் இல்லை என்றதும், வஞ்சப்புகழ்ச்சி என்று அணியின் பெயர் வந்தது. பெயர் போதாது, எந்தச் சொல்லால் அது இகழ்ச்சியாகிறது என்று கேட்டேன். அப்போது ஒருவர், “மேம், ஆயுதத்துக்குப் பூ வெச்சிருக்குன்னா அது சண்டைக்கே போகலன்னு அர்த்தம்” என்றார். இன்னொருவர், “அவ்வேன்னு சொல்லி உடைஞ்சதைப் பக்கத்துல வெக்கறாங்களே, அதுலதான் குத்து இருக்கு” என்றார். அந்த இரண்டு வாக்கியங்களையும் அப்படியே எழுதிப் போட்டேன். ஷெல்லியின் மேற்கோளுக்குப் பின்னால் நான் தேடும் வாக்கியங்கள் இத்தகையவை. அரசனின் பெருமைச் சொற்களை மறுக்காமல், பக்கத்தில் வேறொன்றை வைத்தே கவிழ்க்கும் வேலையை ஔவையாரும் செய்கிறார், ஷெல்லியும் செய்கிறார் என்பதை நான் சொல்வதற்கு முன்பே அந்த மாணவியே கண்டுபிடித்துவிட்டாள்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. விளக்கம் இல்லாத விடையைக் கண்டால், எழுதியவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு அந்த அடியைக் காட்டித் தமிழில் கேட்டுவிட்டால் போதும். தமிழில் தெளிவாகச் சொல்பவருக்குத் தேவை வாக்கிய அமைப்பு: எந்தச் சொல், அது எதை நினைக்கச் செய்கிறது, இந்த இடத்தில் அது ஏன் வேண்டும் என்ற மூன்றையும் எளிய ஆங்கிலத்தில் கோக்கும் பழக்கம். தமிழிலும் சொல்ல வராதவர் கவிதையையே இன்னும் படிக்கவில்லை. அவருக்கு வாக்கிய அமைப்பைக் கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்து வெறுமையாகத் திருப்பி எழுதுவார். எழுத்துத் தேர்வில், தமிழில் தெரிந்திருக்கும் என்ற ஊகத்துக்கு மதிப்பெண் தர முடியாது என்பது வேறு. தாளில் இருப்பதற்குத்தான் மதிப்பெண்.

அந்த மாணவியிடம் விடை முழுவதையும் மீண்டும் எழுதச் சொல்லவில்லை. ஆறு மேற்கோள்களில் மூன்றைத் தானே நீக்கிவிட்டு, மீதியுள்ள மூன்றுக்கு மட்டும் எழுதி வரச் சொன்னேன். பத்து மதிப்பெண் வினாவுக்குக் கிடைக்கும் நேரத்தில் ஆறு மேற்கோள்களை விளக்கவே முடியாது. எதை நீக்குவது என்று முடிவு செய்யும்போதே எது முக்கியம் என்ற சிந்தனை தொடங்கிவிடுகிறது. நீண்ட அடிகளை முழுமையாக எழுதாமல், பேசப்போகும் சொற்களை மட்டும் தன் வாக்கியத்துக்குள் கொண்டுவரவும் சொன்னேன். அவள் கால்களையும், பீடத்து வாசகத்தையும், அதற்கடுத்த மூன்று சொற்களையும் வைத்துக்கொண்டாள். அந்த மூன்று சொற்களுக்குப் பின் அவள் எழுதியதன் தமிழ் வடிவம் இது: “அரசனின் நீளமான பேச்சுக்குப் பிறகு இந்த வாக்கியம் மிகச் சிறியதாக இருக்கிறது. அவன் பாருங்கள் என்கிறான், ஆனால் பார்க்க எதுவும் இல்லை. ஷெல்லி அவனைத் திட்டவில்லை. முற்றுப்புள்ளி வைத்து நிறுத்திவிடுகிறார், அதனால் நமக்கே அந்த அமைதி கேட்கிறது.” ஆங்கிலத்தில் இரண்டு இலக்கணப் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தினேன், விளக்கத்துக்கான நான்கில் மூன்றை இந்தப் பத்தியை வைத்தே தந்திருப்பேன். கால்களைப் பற்றிய பத்தியில் ‘வாஸ்ட்’ பற்றிப் பேசிவிட்டு ‘ட்ரங்க்லெஸ்’ என்பதை விட்டுவிட்டாள். அதனால் நான்காவது மதிப்பெண் இல்லை.

விளக்கம் வேண்டும் என்று வலியுறுத்தத் தொடங்கியதும் வேறொரு சிக்கல் முளைத்தது. விளைவைச் சொல்லியாக வேண்டும் என்பதற்காகச் சிலர் விளைவைப் புனையத் தொடங்கினார்கள். ஒருவர், ‘ட்ரங்க்லெஸ்’ என்பதைத் தும்பிக்கை இல்லாத என்று கொண்டு, அரசன் யானையைப் போல் வலிமையுடன் இருந்தான், இப்போது தும்பிக்கை இழந்த யானை போல் ஆனான், அதனால் வாசகர் இரக்கம் கொள்கிறார் என்று எழுதினார். யானைக் கூட்டங்கள் வந்துபோகும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருபவர் அவர்; அந்தப் பொருள் அவருக்கு முதலில் தோன்றியதில் வியப்பில்லை. அமைப்பைப் பார்த்தால் அது நல்ல விளக்கம்: ஒரு சொல்லை எடுக்கிறார், அது எழுப்பும் தோற்றத்தைச் சொல்கிறார், கருத்தோடு இணைக்கிறார், இடம் மாற்றிப் பார்க்கும் சோதனையிலும் தேறிவிடும். ஆனால் இங்கே அந்தச் சொல் மனித உடலின் நடுப்பகுதியைக் குறிக்கிறது. அடித்தளம் தவறு என்பதால் அதன்மேல் எழுந்த விளைவுக்கு மதிப்பெண் இல்லை. நானும் ஒன்றும் தரவில்லை. ஓரத்தில், ‘முறை சரி, சொல்லின் பொருளைப் பார். சிலையில் கால்களுக்கு மேலே என்ன இருந்திருக்க வேண்டும்?’ என்று எழுதினேன். ஆகவே இடம் மாற்றும் சோதனை ஒரு விளக்கம் குறிப்பானதா என்பதை மட்டுமே காட்டும், அது சரியானதா என்பதைக் காட்டாது. அதற்கு அடியைத் திரும்பப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு வகையினர் ஒவ்வோர் எழுத்துக்கும் விளைவு கண்டார்கள். கடைசி அடியில் ‘லோன்’, ‘லெவல்’ என்று லகரம் திரும்ப வருவதால் மணலின் நீண்ட பரப்பு ஓசையிலேயே விரிகிறது என்பதை ஏற்கலாம்; உயர்ந்ததும் தாழ்ந்ததும் சமமாகிவிட்டன என்பதை ‘லெவல்’ என்ற சொல்லிலிருந்து எடுப்பதையும் மகிழ்ச்சியுடன் ஏற்பேன். ‘ஸ்ட்ரெச்’ என்பதில் உள்ள சகரம் பாம்பின் சீறலைப் போன்றது, எனவே அரசனுக்குச் சாபம் இருக்கிறது என்று எழுதினால், கவிதையில் அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு நிறுத்துவேன். ஓசையைப் பற்றிய கூற்று எதுவானாலும், அந்த அடியின் பொருள் அதைத் தாங்குகிறதா என்று பார்த்த பின்பே மதிப்பெண் இடுகிறேன். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது கோல்ட் கமாண்டையும் இந்தக் கடைசி அடியையும் ஒன்றன்பின் ஒன்றாக உரக்கப் படிக்கச் செய்கிறேன். இரண்டிலும் இருப்பது மோனைதான். ஒன்றில் உதடு இறுகுகிறது, மற்றொன்றில் குரல் நீண்டுகொண்டே போகிறது. ‘மோனை இசையழகு தருகிறது’ என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு எழுதியவர்கள் அந்த வகுப்பில் மிகச் சிலரே.